சிறுகுடல் பாக்டீரியாப் பெருக்கத்துக்கு ரிஃபாக்சிமின்: தொடங்கும் முன் என்ன செய்வது, எவ்வளவு பலன் கிடைக்கும், ஏன் தொல்லை திரும்பி வருகிறது

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வயிறு பானைபோல் உப்புகிறது. வாயு அடங்குவதில்லை. சிலருக்கு மலம் இளகிப் போகிறது, சிலருக்குச் சிக்கிக்கொள்கிறது. பெருங்குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியா சிறுகுடலில் அளவுக்கு மீறிப் பெருகினால் இப்படி ஆகும். இதைச் சுருக்கமாக ‘சிபோ’ என்பார்கள். இதற்கு அதிகம் எழுதித் தரப்படும் மருந்து ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாட்டிக்.

இந்த மருந்து பாக்டீரியாவைக் குறைக்கும். அவை அங்கே ஏன் தேங்கின என்பதை அது சரிசெய்யாது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒரு விஷயத்தை வைத்தே அமைந்திருக்கிறது. ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் கிடைக்கும் தகவலுக்குப் பொருள் இருக்காது. இது மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போட வேண்டிய மாத்திரை அல்ல. மருத்துவரோடு பேசும்போது என்ன கேட்பது, எதைக் கவனிப்பது என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

1. முதலில் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்தல்

எடை குறைகிறதா? மாலையில் காய்ச்சல் வருகிறதா? மலத்தில் ரத்தம் உண்டா? இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கோ, ரத்தசோகையோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ரிஃபாக்சிமினை ஒத்திவைத்துவிட்டுக் குடல்நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. நம் நாட்டில் குடல் காசநோய் அபூர்வமானதல்ல. அது சிறுகுடலின் கடைசிப் பகுதியைச் சுருக்கிவிடும். சுருக்கத்துக்கு மேலே உணவு தேங்க, அங்கே பாக்டீரியா பெருகும். அப்படிப்பட்டவருக்கு ரிஃபாக்சிமின் கொடுத்தால் சில வாரங்கள் உப்புசம் குறையக்கூடும். அந்த நிம்மதியில் உண்மையான நோய் மறைந்து முற்றிவிடும். மருந்து கேட்டது என்பதை மட்டும் வைத்து நோய் இதுதான் என்று முடிவுகட்டக் கூடாது.

ஆபத்து குறைந்த குழப்பங்களும் உண்டு. பால் சர்க்கரை செரிக்காமை, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகிய மூன்றும் இதே அறிகுறிகளைத் தரும். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்ப்பதும் இரண்டு ரத்தப் பரிசோதனைகள் செய்வதும் ஒரு சுற்று ஆன்டிபயாட்டிக்கைவிட மலிவு.

2. மூச்சுப் பரிசோதனையைச் சரியாகச் செய்தல்

குளுக்கோஸ் அல்லது லாக்டுலோஸ் கரைசலைக் குடித்துவிட்டுக் குறிப்பிட்ட இடைவெளியில் மூச்சை ஊதி, அதில் உள்ள ஹைட்ரஜனையும் மீத்தேனையும் அளப்பதுதான் இந்தச் சோதனை. மனித உயிரணுக்கள் இந்த வாயுக்களை உண்டாக்குவதில்லை. குடல் நுண்ணுயிரிகள் சர்க்கரையைப் புளிக்கவைக்கும்போதே அவை உருவாகி, ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வெளியேறுகின்றன.

வட அமெரிக்க வல்லுநர் குழு 2017-இல் வெளியிட்ட வரையறைப்படி, 75 கிராம் குளுக்கோஸ் அல்லது 10 கிராம் லாக்டுலோஸ் குடித்து 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் தொடக்க அளவிலிருந்து 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் பெருக்கம் உண்டு என்று கொள்ளலாம். மீத்தேன் எந்த நேரத்திலும் 10 பிபிஎம்மைத் தொட்டால் அது தனி வகை. அதைப் பிரிவு 5-இல் பார்ப்போம்.

பலரும் சறுக்குவது முன் தயாரிப்பில்தான். சோதனைக்கு முந்தைய 4 வாரங்கள் எந்த ஆன்டிபயாட்டிக்கும் எடுத்திருக்கக் கூடாது. பேதி மருந்தையும் குடல் அசைவைத் தூண்டும் மருந்தையும் மருத்துவர் அனுமதித்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். முந்தைய நாள் உணவில் நார்ச்சத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும். ‘இட்லிதானே, லேசான சாப்பாடு’ என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் அதிகம். இட்லியில் உளுந்து இருக்கிறது, சாம்பாரில் துவரம்பருப்பும் வெங்காயமும் இருக்கின்றன. இவை மறுநாள் காலைவரை குடலில் புளித்துக்கொண்டிருக்கும். தொடக்க அளவே உயர்ந்துவிட்டால் அதன்மேல் வரும் உயர்வைப் படிக்க முடியாது. வெள்ளைச் சோறு, உப்பு, கொஞ்சம் எண்ணெய், வெங்காயமும் பூண்டும் சேர்க்காத முட்டை அல்லது மீன் அல்லது கோழி என்பது பாதுகாப்பான முந்தைய நாள் சாப்பாடு.

அதன்பின் 8 முதல் 12 மணி நேரம் பட்டினி. காலையில் பல் துலக்கி வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். வாயில் உள்ள பாக்டீரியாவே முதல் சில நிமிடங்களில் பொய்யான உயர்வைக் காட்டக்கூடும். சோதனை முடியும்வரை புகைப்பதும் வேகமாக நடப்பதும் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

இரண்டு கரைசல்களுக்கும் ஒவ்வொரு குறை உண்டு. குளுக்கோஸ் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், ஆகவே கீழ்ப்பகுதியில் உள்ள பெருக்கத்தைத் தவறவிடலாம். லாக்டுலோஸ் உறிஞ்சப்படாமல் முழுக் குடலையும் கடந்து போகும். குடல் வேகமாக ஓடுபவருக்கு அது 90 நிமிடத்துக்குள்ளேயே பெருங்குடலை எட்டி, இல்லாத சிபோவை இருப்பதாகக் காட்டும். வயிற்றுப்போக்கு முதன்மையாக உள்ளவரின் லாக்டுலோஸ் முடிவை அதனால் சற்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

3. மருந்துக்கு முன் ஒரு வாரக் குறிப்பு

உப்புசம், வலி, வாயு ஆகியவற்றுக்கு நாள்தோறும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். மலம் எத்தனை முறை, எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து ‘முன்பு இதைவிட மோசமாக இருந்ததா?’ என்று நினைவிலிருந்து பதில் சொல்ல எவராலும் முடியாது. இரண்டாவது சுற்று தேவையா என்பதை இந்தத் தாள்தான் தீர்மானிக்கப் போகிறது.

4. முழு அளவு, முழு நாள்கள்

வழக்கமான அளவு 550 மி.கி., நாளுக்கு மூன்று முறை, 14 நாள்கள். மொத்தம் 42 மாத்திரைகள். அமெரிக்காவில், ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோயின் வயிற்றுப்போக்கு வகைக்கு 2015-இல் அனுமதிக்கப்பட்ட அளவு இது. சிபோவுக்கென்று அங்கே தனி அனுமதி கிடையாது. இருந்தாலும் மருத்துவர்கள் அதே அளவையே பயன்படுத்துகிறார்கள்.

‘ரிஃபாக்சிமின் எடுத்தேன், கேட்கவில்லை’ என்பவரின் பழைய சீட்டைப் பார்த்தால் பல நேரம் 200 மி.கி. அல்லது 400 மி.கி., இரண்டு வேளை, ஐந்து நாள் என்றிருக்கும். அந்த அளவில் கேட்காததில் வியப்பில்லை. இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில் 7 நாள் மருந்து கொடுத்தபோது, நாளுக்கு 600 மி.கி. எடுத்தவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கும், 1,200 மி.கி. எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினருக்கும் மூச்சுப் பரிசோதனை சீரானது. குறைந்த அளவில் எடுத்துவிட்டு ‘இந்த மருந்து எனக்குச் சேராது’ என்று முடிவுசெய்வதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

காலை 7, மதியம் 2, இரவு 9 என்று வைத்துக்கொண்டால் மறக்காது. உணவுக்கு முன்னோ பின்னோ எடுக்கலாம். இது ரத்தத்தில் சேர்வது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. தண்ணீரில் சரியாகக் கரையாத இந்த மருந்து பித்தநீரில் நன்றாகக் கரையும். பித்தநீர் நிறைந்திருப்பது சிறுகுடலில் என்பதால் அங்கேதான் இது வலுவாக வேலை செய்கிறது, பெருங்குடலின் நுண்ணுயிரிகளை அதிகம் குலைப்பதில்லை. மற்ற ஆன்டிபயாட்டிக்குகளைவிட இதைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

அந்த 14 நாள்களில் புதிய உணவுத் திட்டமோ புரோபயாட்டிக்கோ சேர்க்க வேண்டாம். சேர்த்தால் குணம் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

கருவுற்றிருப்பவர்களும், ரிஃபாம்பிசின் போன்ற இதே குடும்ப மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் இதை எடுக்கக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு மாறலாம், எனவே அடிக்கடி பார்க்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கும் கல்லீரல் மிகவும் பழுதானவர்களுக்கும் ரத்தத்தில் ரிஃபாக்சிமின் அளவு பல மடங்கு ஏறும். மருந்தின்போதோ, முடித்த இரண்டு மாதத்துக்குள்ளோ காய்ச்சலுடன் கடுமையான நீர்ப்போக்கு வந்தால், அது கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

5. மீத்தேன் வந்தால் பாதை வேறு

மீத்தேனை உண்டாக்குபவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா எனும் வேறு வகை உயிரிகள். அவை ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. அதனால்தான் மீத்தேன் அதிகமானவருக்கு ஹைட்ரஜன் குறைவாகத் தெரிவதுண்டு. ஹைட்ரஜனை மட்டும் அளக்கும் கருவியில் சோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்படுபவர்களில் இவர்களும் இருப்பார்கள். மீத்தேன் குடலின் ஓட்டத்தை மந்தப்படுத்தும், ஆகவே இவர்களுக்கு மலச்சிக்கலே முதல் குறை.

இங்கே ரிஃபாக்சிமின் தனியாகக் கொடுத்தால் பலன் குறைவு. நியோமைசின் 500 மி.கி. இரண்டு வேளை, 14 நாள், ரிஃபாக்சிமினுடன் சேர்த்துக் கொடுப்பது ஆய்வில் மேலாக இருந்தது. ஆனால் நியோமைசின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய மருந்து. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

6. எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்

இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூச்சுப் பரிசோதனை சீராகுமா என்பது ஒன்று, உங்கள் வயிறு நன்றாகுமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் பதில் நம்பிக்கை தருவது. 2017-இல் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 70 விழுக்காட்டினருக்குச் சோதனை சீரானது. ஆனால் அவற்றில் பல சிறிய ஆய்வுகள், ஒப்பீட்டுக் குழு இல்லாதவை.

இரண்டாவது கேள்விக்கு இன்னும் அடக்கமான பதிலே உண்டு. மலச்சிக்கல் இல்லாத எரிச்சல் குடல் நோயாளிகள் 1,260 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், மருந்து எடுத்தவர்களில் 40.7 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் பெற்றனர். மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 31.7 விழுக்காட்டினர் பெற்றனர். அதாவது நூறு பேர் எடுத்தால் ஒன்பது பேருக்கு மருந்தால் மட்டுமே வந்த கூடுதல் நன்மை. இவர்கள் சிபோ இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். பின்னர் வந்த ஒரு சிறிய ஆய்வில், மூச்சுப் பரிசோதனையில் பெருக்கம் தெரிந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும் தெரியாதவர்களில் 26 விழுக்காட்டினரும் குணம் கண்டனர். சோதனை செய்துவிட்டுத் தொடங்கச் சொல்வதன் காரணம் இதில் இருக்கிறது.

ஐந்தாம் நாளில் தீர்ப்பு எழுத வேண்டாம். மருந்து முடிந்து 4 வாரம் வரை குறிப்பைத் தொடருங்கள், அந்த 4 வாரத்தின் சராசரியை முதல் தாளோடு ஒப்பிடுங்கள். உப்புசம் மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தால் மருந்து வேலை செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம். முழுக்க மறைவது நல்வாய்ப்பு, அதை அளவுகோலாக வைக்கக் கூடாது.

7. ஏன் திரும்பி வருகிறது

சிறுகுடல் வெறும் வயிற்றில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அலையை ஓடவிட்டுத் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. மிச்சம் மீதியையும் பாக்டீரியாவையும் பெருங்குடல் பக்கம் தள்ளுவது இந்த அலையின் வேலை. எதையாவது சாப்பிட்ட உடனே அலை நின்றுவிடும். அது பழுதானால் ரிஃபாக்சிமின் காலி செய்த இடம் சில வாரத்தில் மறுபடி நிரம்பும். நீண்டகால நீரிழிவில் நரம்பு கெடுவதாலும், தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோயாலும், ஓபியாய்டு வலிமருந்துகளாலும், சிலருக்குக் கடுமையான உணவு நச்சுக்குப் பிறகும் இது நேர்கிறது.

அடுத்த காவல் வயிற்று அமிலம். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கு அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. மூன்றாவது, குடலின் அமைப்பு: பழைய அறுவை சிகிச்சையின் ஒட்டுகள், சுருக்கம், பை போன்ற பிதுக்கம், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்து வால்வை வெட்டி எடுத்தது போன்றவை.

இத்தாலிய ஆய்வு ஒன்றில், ரிஃபாக்சிமினால் சோதனை சீரான 80 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று மாதத்தில் 12.6, ஆறு மாதத்தில் 27.5, ஒன்பது மாதத்தில் 43.7 விழுக்காட்டினருக்குப் பெருக்கம் திரும்பியது. வயது கூடியவர்கள், குடல்வால் அகற்றியவர்கள், அமிலக் குறைப்பு மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தவர்கள் ஆகியோருக்கு அது அதிகம்.

திரும்பி வரும் நேரமே ஒரு துப்பு. சிறிதும் குறையவே இல்லை என்றால் அது திரும்புதல் அல்ல. நோயறிதலோ, மருந்தளவோ, மீத்தேனோதான் கேள்வி. இரண்டு மூன்று வாரத்திலேயே பழைய நிலைக்குப் போனால் குடலில் எங்கோ தடை அல்லது கடுமையான அசைவுக் குறைபாடு இருக்கலாம், ஸ்கேன் எடுப்பது நியாயம். மூன்று மாதம் கழித்து மெல்ல வந்தால் அது பலருக்கும் நேரும் சாதாரணத் திரும்புதல்.

8. இரண்டாவது சுற்று: எப்போது, எதனோடு

2016-இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் சுற்றில் குணம் கண்ட 1,074 பேரில் 692 பேருக்கு 18 வாரத்துக்குள் தொல்லை திரும்பியது. அப்படித் திரும்பியவர்களில் 636 பேரைப் பிரித்து மீண்டும் கொடுத்தபோது, மருந்துக் குழுவில் 38.1, போலி மாத்திரைக் குழுவில் 31.5 விழுக்காட்டினர் நன்மை பெற்றனர். மருந்து இரண்டாம் முறையும் கேட்கிறது, ஆனால் மருந்தால் மட்டும் கிடைக்கும் கூடுதல் பலன் சிறியது. அமெரிக்க அனுமதியும் இரண்டு மறுசுற்று வரையில்தான்.

முதல் சுற்று தெளிவாகக் கேட்டு, சில வாரமாவது தாங்கியவருக்கே மறுசுற்று. கேட்காதவருக்கு அதையே திரும்பக் கொடுப்பதில் பொருளில்லை. மாதாமாதம் தானாகவே எடுக்கும் பழக்கமும் வேண்டாம். ரிஃபாக்சிமின் பயன்பாடு, டாப்டோமைசின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத என்டிரோகாக்கஸ் பாக்டீரியா வகைகளை உருவாக்கக்கூடும் என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. குடலோடு நிற்கும் மருந்துதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

இனி ஒருவரின் நிலையை வரிசையாகப் பார்ப்போம். விளக்கத்துக்காக அமைத்தது இது. வயது 48, ஆண். இளவயதில் குடல்வால் அகற்றப்பட்டது. மூட்டு வலி மாத்திரையோடு தொடங்கிய பான்டோபிரசோல் 40 மி.கி. நான்கு ஆண்டாகத் தொடர்கிறது, வலி மாத்திரையோ எப்போதோ நின்றுவிட்டது. உப்புசம் 7, மலம் நாளுக்கு நான்கு முறை. குளுக்கோஸ் சோதனையில் ஹைட்ரஜன் 5-இல் தொடங்கி 60-ஆம் நிமிடத்தில் 39. உயர்வு 34, ஆகவே பெருக்கம் உண்டு. மீத்தேன் 3 மட்டுமே.

42 மாத்திரைகள் முடிந்த நான்காம் வாரத்தில் உப்புசம் 2, மலம் இரண்டு முறை. பன்னிரண்டாம் வாரத்தில் உப்புசம் மீண்டும் 6. இப்போது அடுத்த 42 மாத்திரைகளை மட்டும் வாங்கிக்கொடுத்தால் இன்னொரு பன்னிரண்டு வாரத்தில் இதே இடத்தில் நிற்பார். முதலில் பான்டோபிரசோல் எதற்கு என்று கேட்க வேண்டும். அவருக்கு இப்போது தேவையில்லை என்று மருத்துவர் உறுதிசெய்தபின் 20 மி.கி. ஆக்கி, சில வாரத்தில் நிறுத்துகிறார்கள். திடீரென நிறுத்தினால் அமிலம் எதிர்வேகத்தில் சுரந்து நெஞ்செரிச்சல் வரும், ‘இது இல்லாமல் முடியாது’ என்று மறுபடி தொடங்கிவிடுவார். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்களும் வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தவர்களும் இந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

அடுத்து அவருடைய நாள். காலை 8 மணிக்குச் சாப்பாடு, 11-க்குப் பால் தேநீரும் பிஸ்கட்டும், மதியம் 1.30, மாலை 4-க்கு வடையும் தேநீரும், 6.30-க்குச் சுண்டல், இரவு 10-க்குச் சாப்பாடு, 10.30-க்குப் படுக்கை. விழித்திருக்கும் நேரம் முழுவதும் குடலைச் சுத்தம் செய்யும் அலைக்கு இடமே இல்லை. பாலும் சர்க்கரையும் கலந்த ஒரு கோப்பை தேநீரும் அதற்கு உணவுதான். மூன்று வேளை, இடையில் 4 முதல் 5 மணி நேரம் வெறும் தண்ணீர், இரவுச் சாப்பாடு 7.30-க்குள் என்று மாற்றுகிறார்கள். எடை குறைந்தவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும் இந்த இடைவெளி பொருந்தாது.

இவ்வளவும் நடைமுறைக்கு வந்தபின் இரண்டாவது 42 மாத்திரைகள். முடிந்ததும், தேவையென்றால் படுக்கைக்குப் போகும்போது எரித்ரோமைசின் 50 மி.கி. அல்லது குடல் அசைவைத் தூண்டும் புருகலோபிரைடு. எரித்ரோமைசின் இந்தச் சிறிய அளவில் கிருமியைக் கொல்வதற்காக அல்ல, இரவில் அந்த அலையைத் தூண்டுவதற்காகத் தரப்படுகிறது. இதற்கான சான்று சிறிய ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். எரித்ரோமைசின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் முன்னதாக ஈசிஜி பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகும் மூன்றாம் முறை வந்தால் சுற்றை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். மூச்சுப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள், கடைசி மாத்திரையிலிருந்து குறைந்தது 4 வாரம் தள்ளி. அது சீராக இருந்து உப்புசம் மட்டும் தொடர்ந்தால் சிபோ அல்லாத காரணத்தைப் பார்க்க வேண்டும்: பித்த அமில வயிற்றுப்போக்கு, பால் சர்க்கரை செரிக்காமை, குடலின் கூருணர்வு. சோதனை மீண்டும் பெருக்கத்தைக் காட்டினால், சிறுகுடலை முழுக்கக் காட்டும் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன், வைட்டமின் பி12, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, இம்யூனோகுளோபுலின் அளவுகள். சுருக்கமோ பிதுக்கமோ கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை இயலாதவருக்கு மட்டுமே, வெவ்வேறு ஆன்டிபயாட்டிக்குகளை இடைவெளி விட்டு மாற்றி மாற்றித் தரும் நீண்டகாலத் திட்டத்தை மருத்துவர் எழுதுவார்.